துரு உதிர்கிறது, அலுமினியம் உதிர்வதில்லை: ஆக்சைடு – உலோகக் கன அளவு விகிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறவர்கள், பார்க்க முடியாமல் கவலைப்படுகிறவர்கள், பாலிடெக்னிக்கில் என்னிடம் உலோகவியல் படித்துவிட்டுப் பட்டறை வைத்திருக்கிறவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே பதிலை ஒவ்வொருவரிடமும் போனில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வளவில் அலுமினியக் கம்பி முப்பது வருஷமாக அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இரும்புக் கம்பி அப்பளம் மாதிரி உரிகிறது. இரண்டும் காற்றில்தானே நிற்கின்றன?

இரண்டுமே ஆக்சைடு ஆகின்றன. அலுமினியம் இன்னும் வேகமாகவே ஆகிறது. புதிதாக வெட்டிய முகத்தில் கண் இமைப்பதற்குள் தோல் படிந்துவிடும். ஆனால் சில நானோமீட்டர் தடிமன் வந்ததும் அந்தத் தோலே காற்றைத் தடுத்துவிடுகிறது, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரும்பின் துருவுக்கு அந்தத் திறமை இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு 1923இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் ஒரு எளிய அளவுகோல் சொன்னார்கள். ஓர் உலோகத் துண்டு முழுவதும் ஆக்சைடு ஆனால், அந்த ஆக்சைடு பழைய உலோகத்தைவிட எத்தனை மடங்கு இடத்தை அடைக்கும்? அந்த மடங்கு 1க்குக் கீழே இருந்தால் ஆக்சைடு உலோகத்தை முழுக்க மூடப் போதாது. 1க்கு மேல் இருந்தால் மூடும். ரொம்ப மேலே போனால் இடம் போதாமல் நெருக்கி, வெடித்து உரியும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். பாதி உண்மை. மீதிப் பாதிதான் உங்கள் கம்பிக்கு வேண்டியது. அது கீழே வருகிறது.

அந்த விகிதத்தை நானே கணக்குப் போட முடியுமா?

பத்தாம் வகுப்பு வேதியியல் போதும். அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் அலுமினியம் 26.98 கிராம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம். வகுத்தால் 9.99 கன சென்டிமீட்டர். அதன் ஆக்சைடு Al2O3, ஒரு மோல் 101.96 கிராம், அடர்த்தி 3.99. வகுத்தால் 25.6.

இங்கேதான் மாணவர்கள் வருடா வருடம் சறுக்குவார்கள். 25.6ஐ 9.99ஆல் வகுத்து 2.56 என்று எழுதிவிட்டு, "அலுமினியத் தோல் வெடிக்கும்" என்று முடிவும் கட்டிவிடுவார்கள். ஒரு Al2O3 உண்டாக இரண்டு அலுமினிய அணுக்கள் செலவாகின்றன. ஆகவே ஒப்பிட வேண்டியது 2 × 9.99, அதாவது 20 கன சென்டிமீட்டரோடு. விடை 1.28.

```
R = (Mo / Do) / (n × Mm / Dm)
Al: (101.96 / 3.99) / (2 × 26.98 / 2.70) = 1.28
```

Mo, Do ஆக்சைடின் மோலார் நிறையும் அடர்த்தியும். Mm, Dm உலோகத்தினுடையவை. n என்பது ஆக்சைடு வாய்பாட்டில் இருக்கும் உலோக அணுக்களின் எண்ணிக்கை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 3.99 என்பது குருந்தக்கல் போன்ற படிக அலுமினாவின் அடர்த்தி. உங்கள் வளவுக் கம்பியில் இருக்கும் தோல் படிகமே அல்ல, கண்ணாடி மாதிரி ஒழுங்கற்றது. அதன் அடர்த்தி இன்னும் குறைவு, அதனால் உண்மையான விகிதம் 1.28ஐவிடக் கூடுதல். அட்டவணையில் இரண்டு தசம இடம் வரை அச்சாகியிருப்பதால் எண்ணும் அவ்வளவு துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள். எந்த ஆக்சைடு, எந்த நிலையில் என்பதைப் பொறுத்து அது நகரும்.

1க்குக் கீழே உள்ள உலோகம் உண்டா?

உண்டு. மெக்னீசியம் 0.81. கால்சியம் 0.64. சோடியம், பொட்டாசியம் இன்னும் கீழே. துணி சின்னதாகிவிட்டது, இழுத்துப் போர்த்தினால் கிழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற மெக்னீசியத்தின் தோல் கிழிந்துகொண்டே போகும், ஆக்சிஜன் தடையில்லாமல் உள்ளே வரும். சாதாரண வெப்பத்தில் உலர்ந்த காற்றில் மட்டும் மெல்லிய தோல் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

அப்போது 1க்கும் 2க்கும் இடையில் இருந்தால் தோல் காக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அடுப்படியிலேயே பொய்த்துப் போகும் விதி அது. உங்களிடம் தடித்த செம்புக் கம்பி இருந்தால் பத்து சென்டிமீட்டர் வெட்டி, பிளாஸ்டிக் உறையை முழுக்க உரித்துவிட்டு, கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் செக்கச் சிவக்கக் காய்ச்சுங்கள். கறுத்துவிடும். உள்ளே சிவப்பு செம்பு ஆக்சைடு, அதற்கு மேல் மெல்லிய கறுப்பு ஆக்சைடு. சிவப்பு ஆக்சைடின் விகிதம் சுமார் 1.65. நல்ல எண்தான். அடுப்பில் இருக்கும்வரை தோல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். சுர்ரென்று கறுப்புச் செதில்கள் உதிர்ந்து அடியில் கிடக்கும், கம்பி இளஞ்சிவப்பாக வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், செதில் தெறிக்கும்.

என்ன நடந்தது? ஆக்சைடு வளர்ந்தபோது வெடிக்கவில்லை, குளிர்ந்தபோதுதான் வெடித்தது. செம்பு ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு சுருங்கும். சுமார் 700 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு வந்தால் பத்து சென்டிமீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறுகிவிடுகிறது. மேலே இருக்கும் ஆக்சைடு அதில் ஒரு சிறு பங்குதான் சுருங்கும். அடியிலிருக்கும் தரை இழுத்துக்கொண்டு போகிறது, மேலே விரித்த பாய் மடிய இடமில்லாமல் புடைத்து எழும்புகிறது. கொல்லர் பட்டறையில் பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது உலைக்களத்தைச் சுற்றி உதிரும் கறுப்புச் செதிலிலும் குளிர்ச்சிக்குப் பங்கு உண்டு. அடியின் அதிர்ச்சி மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

வளர்கிற திசையும் உண்டு. பில்லிங் – பெட்வொர்த் கணக்கு, புது ஆக்சைடு உலோகத்துக்கும் பழைய ஆக்சைடுக்கும் நடுவில் பிறக்கிறது என்று மறைமுகமாக வைத்துக்கொள்கிறது. அப்படிப் பிறந்தால் இடமில்லாமல் நெருக்கித்தான் வளர வேண்டும். செம்பிலும் இரும்பிலும் நடப்பது வேறு. உலோக அயனிகள் தோலைக் கடந்து வெளியே வந்து, மேல் முகத்தில் ஆக்சிஜனைச் சந்திக்கின்றன. மேலே வானம் திறந்துதான் இருக்கிறது, விகிதம் எவ்வளவானாலும் நெருக்கடி பெரிதாக இல்லை. ஆனால் அயனிகள் கிளம்பிப் போன இடம் காலியாகி, தோலுக்கு அடியில் நுண்ணிய பொந்துகள் விழுகின்றன. பிடிப்பு தளர்கிறது. தண்ணீரில் போட்டதும் செம்புச் செதில் அத்தனை சுலபமாகக் கழன்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிர்கோனியம் இதற்கு நேர் எதிர். ஆக்சிஜன் உள்ளே போய் அடியில் ஆக்சைடு பிறக்கிறது. விகிதம் 1.56. கனநீர் அணு உலைகளில் எரிபொருள் உறை இந்த உலோகத்தின் கலவைதான். சுமார் இரண்டு மைக்ரான்வரை தோல் நன்றாகக் காக்கும், வளர்ச்சி மெதுவாகிக்கொண்டே வரும். அப்புறம் நெருக்கம் தாங்காமல் நுண்விரிசல் விட்டு மறுபடி வேகம் எடுக்கும். ஒரே உலோகம், ஒரே விகிதம், தடிமன் மாறியதும் நடத்தை மாறிவிட்டது பாருங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தைக் காப்பது குரோமியம் ஆக்சைடு என்கிறீர்கள். அதன் விகிதம் 2ஐத் தாண்டுகிறதே, ஏன் உரியவில்லை?

போன பதிலின் கடைசி வரிதான் இதற்கும் விடை. எவர்சில்வரின் தோல் ஒன்று முதல் மூன்று நானோமீட்டர். ஒரு தோல் உரிய வேண்டுமானால், அது தனக்குள் அடக்கி வைத்திருக்கும் விறைப்பாற்றல், ஒட்டைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைவிட அதிகமாக வேண்டும். அந்த விறைப்பாற்றல் தடிமனோடு கூடுகிறது. தடிமன் ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஆற்றலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் நானோமீட்டர் தோலிடம் தன்னைப் பிய்த்துக்கொள்ளப் பலம் இல்லை.

சுவரில் சுண்ணாம்பு அடிக்கிறவருக்கு இது தெரியும். மெல்லிசாக மூன்று கை அடித்தது நிற்கும், கெட்டியாக ஒரே கையில் அப்பியது பொரிந்து விழும்.

கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் அண்டா அறுபது வருஷம் கழித்தும் பளபளப்பதற்கு, தோல் தடிக்காமல் நிற்பதே காரணம். கீறினாலும் உடனே மறுபடி மூடிக்கொள்கிறது. அதற்குக் கலவையில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் வேண்டும்.

சரி, துருவின் விகிதம் என்ன? 2ஐத் தாண்டுவதால்தான் உரிகிறதா?

எண்ணை முதலில் சொல்கிறேன். இரும்பு ஒரு மோல் 7.10 கன சென்டிமீட்டர். கறுப்பு ஆக்சைடான மாக்னடைட் 2.10 மடங்கு, சிவப்பு ஆக்சைடான ஹேமடைட் 2.14 மடங்கு. ஆனால் மழையில் நனைந்த கம்பியின் பழுப்புத் துரு இந்த இரண்டும் அல்ல. அது பெரும்பாலும் நீர் சேர்ந்த FeOOH. அதன் கோதைட் வடிவத்துக்குக் கணக்குப் போட்டால் 2.93, கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆனால் "மூன்று மடங்கு, அதனால் உரிகிறது, அதனால் காக்கவில்லை" என்று சங்கிலி கோர்த்தால் தப்பு. பல இணையப் பக்கங்களில் இப்படித்தான் எழுதியிருக்கிறது, நானும் இளம் வயதில் இப்படியே பாடம் நடத்தியிருக்கிறேன். பில்லிங்கும் பெட்வொர்த்தும் பேசியது உலர்ந்த சூட்டில், உலோகத்தின் மேல் நேரடியாக வளரும் தோலைப் பற்றி. அவர்கள் கட்டுரையின் தலைப்பே உயர் வெப்பத்தில் உலோகங்கள் ஆக்சைடாவது பற்றியது. ஈரத்துரு அப்படி வளர்வதே இல்லை. கம்பியின் ஓர் இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைகிறது. கரைந்த இரும்பு சற்றுத் தள்ளிப் போய் ஆக்சிஜனைச் சந்தித்து, வண்டல் மாதிரி அங்கே படிகிறது. உலோகத்தோடு ஒட்டிப் பிறக்காத பொருள் உலோகத்தை மூடுவது எப்படி? உரியாவிட்டாலும் அது காக்காது. உள்ளே இருக்கும் துளைகளில் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்து, மழை விட்ட பிறகும் அரிப்பை நடத்திக்கொண்டே இருக்கும்.

இதற்கு நல்ல சாட்சி சுண்ணாம்பு. புதுச் சுண்ணாம்புக் காரையில் பதிந்த இரும்பு துருப்பிடிப்பதில்லை. காரம் அதிகமான அந்த ஈரத்தில் இரும்பின் மேல் நானோமீட்டர் தோல் ஒன்று அடர்த்தியாக, ஒட்டியபடி வளர்கிறது. அதன் விகிதமும் 2க்குப் பக்கம்தான், ஆனாலும் காக்கிறது. ஆகவே துரு காக்காததற்குக் குற்றவாளி எண் அல்ல, அது பிறக்கும் விதம்.

விகிதம் மூன்று என்பது வேறோர் இடத்தில் கொடூரமாக வேலை செய்கிறது. அடுத்த கேள்வி அதுதான்.

திண்ணையில் அழிக்கம்பி பதித்த கருங்கல் பிளந்துவிட்டது. கொத்தனார் "கல் ஊமைக்கல், அதான்" என்கிறார். துரு கல்லை உடைக்குமா?

உடைக்கும். கல்லைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் கம்பி, கல்லில் துளையிட்டு இறுக்கமாகப் பதித்தது என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஈரம் தேங்கிச் சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர் இரும்பு துருவாகிறது. சாதாரண எழுதும் தாளின் தடிமனில் பாதி. மூன்று மடங்கு என்பதால் அந்த 0.05 இப்போது 0.15 ஆகிவிட்டது. பழைய இரும்பு விட்ட இடம் போக, எல்லாப் பக்கமும் 0.1 மில்லிமீட்டர் புதிதாக இடம் வேண்டும்.

கல் எவ்வளவு விட்டுக்கொடுக்கும்? கருங்கல் அழுத்தத்தைப் பிரமாதமாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுவலிமையைச் சுமார் 10 மெகாபாஸ்கல் என்றும் மீள்மையை 50 கிகாபாஸ்கல் என்றும் வைத்துக் கணக்கிட்டால், இந்தத் துளையின் சுவர் 0.0025 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்டாலே விளிம்பில் கல் தன் எல்லையைத் தொட்டுவிடும். துரு கேட்பது அதைப்போல நாற்பது மடங்கு.

நிஜத்தில் அவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. துருவில் துளைகள் உண்டு, சுற்றியுள்ள காரை நசுங்கி இடம் கொடுக்கும், கொஞ்சம் துரு ஈரத்தோடு கசிந்து வெளியே கறையாக வழியும். பழைய ஆட்கள் துளையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தால் அது மெத்தைபோல நசுங்கும். ஆனாலும் இடைவெளி நிரம்பியதும் கல்லுக்கு வேறு வழியில்லை.

உறுதி செய்துகொள்ள மூன்றைப் பாருங்கள். விரிசல் கம்பியிலிருந்து கிளம்பி, கல்லின் விளிம்பு எந்தப் பக்கம் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஊமைக்கல் என்றால் கம்பிக்குச் சம்பந்தமில்லாத இடத்திலும் ஓட வேண்டும். விரிசலுக்குள் பழுப்புக் கறை இருக்கும். கம்பியின் அடி, தரைக்குச் சற்று மேலே தெரியும் பகுதியைவிடப் பருத்து, அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்கைப் பார்த்து "கம்பியே போச்சு" என்று பயப்பட வேண்டாம். ஆறு மில்லிமீட்டர் துரு அடுக்கு உரிந்தால் போன இரும்பு சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான், துளைகளையும் சேர்த்தால் இன்னும் குறைவு. சுரண்டிவிட்டு மீதியை அளந்து பாருங்கள்.

"நூறு வருஷம் நின்றது இப்போது ஏன்?" என்றும் கேட்பீர்கள். சுண்ணாம்பு இறுகுவதே காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சித்தான். உறிஞ்ச உறிஞ்ச அதன் காரத்தன்மை போய்விடும். காரை நன்றாக இறுகிவிட்டது என்றால், இரும்பைக் காத்த நானோமீட்டர் தோலுக்கு ஆதரவு போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு ஈரம் மட்டும் வந்தால் போதும். பல வீடுகளில் அந்த ஈரம், யாரோ திண்ணையைக் கழுவச் சுலபமாக இருக்கட்டும் என்று கம்பி அடியைச் சுற்றி சிமெண்ட் பூசித் தண்ணீர் தேங்க வைத்ததில் ஆரம்பிக்கிறது.

சரி செய்ய, விரிசலில் சிமெண்டை அடைத்துப் பயனில்லை, உள்ளே துரு தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பியைக் கல்லுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே அறுத்து, அடித் துண்டைத் துளையிட்டு எடுத்துவிட்டு, எவர்சில்வர் கம்பித் துண்டை வெல்டு செய்து பதியுங்கள். கல்லுக்குள் இருக்கும் பகுதி வீங்காது. வெல்டு செய்த இடம் மட்டும் ஈரம் பட்டால் பக்கத்து இரும்பை அரிக்கும், அதனால் அங்கே பெயிண்ட் கெட்டியாக இருக்க வேண்டும். அடியைச் சுற்றி வெளிச்சாய்வு விடுங்கள்.

எங்கள் ஆச்சி, பணியாரச் சட்டியின் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் அடிக்க வருவார். அதுவும் ஆக்சைடுதானா?

ஆச்சி சொல்வது சரி. அது எண்ணெய் சூட்டில் இறுகிய பசையும், அடியில் இரும்போடு ஒட்டி வளர்ந்த மெல்லிய கறுப்பு ஆக்சைடும். அந்த ஆக்சைடின் விகிதம் 2.10, மெல்லியதாக இருப்பதால் நிற்கிறது. சூடான சட்டியைத் தண்ணீரில் போட்டால் செம்புக் கம்பிக்கு நடந்ததன் சிறு பதிப்பு இதற்கும் நடக்கும். வார்ப்பிரும்பு என்றால் சட்டியே விரிசல் விடலாம்.

புதிதாக வாங்கிய இரும்புக் கம்பியில் நீலக் கறுப்பாக ஒரு தோல் இருக்கிறது. வழவழப்பாக, நன்றாக ஒட்டியிருக்கிறது. அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

கடைக்காரர் "அடிக்கலாம்" என்பார். அடிக்காதீர்கள். அது உருட்டாலையில் சிவந்த சூட்டில் வளர்ந்த ஆக்சைடு, பல மைக்ரான் தடிமன். குளிர்ந்தபோதே அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்துவிட்டன. கம்பியை வளைத்தால் இன்னும் விழும். அதன் மேல் அடித்த பெயிண்ட் கம்பியைப் பிடிக்கவில்லை, தோலைப் பிடித்திருக்கிறது. தோல் கழன்றால் பெயிண்டும் கூடவே வரும்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் பட்டால் தோல் முழுவதும் ஒரு மின்முனையாகவும், விரிசலில் தெரியும் துளி இரும்பு எதிர்முனையாகவும் மாறி, அரிப்பு மொத்தமும் அந்தத் துளி இடத்தில் குவிந்து குழி பறிக்கும். தோலே இல்லாத கம்பி சீராகத் தேயும், பாதித் தோலோடு இருக்கும் கம்பியில் ஓட்டை விழும். மணல் வீச்சு வசதி இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் கிரைண்டரில் கம்பித் தூரிகை மாட்டி, நீலம் போய் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். மறுநாளைக்கு என்று வைத்தால், காலைப் பனியிலேயே முகம் பழுத்திருக்கும்.